சூரியன் பழைய இடத்துக்கு வரும் நிமிஷம்

நம் வீடுகளில் ஓர் ஆளுக்கு இரண்டு பிறந்தநாள். ஆங்கிலத் தேதியில் கேக், தமிழ் மாதத்து ஜன்ம நட்சத்திரத்தில் கோயில் அர்ச்சனை. இரண்டும் ஒரே நாளில் விழுவது அபூர்வம். மேற்கத்திய ஜோதிடர்கள் மூன்றாவதாக ஒன்றைக் கொண்டாடுகிறார்கள். அது ஒரு நாள்கூட இல்லை, ஒரு நிமிஷம். நீங்கள் பிறந்தபோது சூரியன் ராசி மண்டலத்தில் எந்தப் பாகையில், எந்தக் கலையில் நின்றதோ, அதே புள்ளிக்கு அது மறுபடி வந்து நிற்கும் நிமிஷம். அந்த நிமிஷத்துக்கு ஒரு ஜாதகம் கணித்து, அடுத்த பிறந்தநாள் வரைக்கும் அதை வைத்துப் பலன் சொல்வார்கள். ஆங்கிலத்தில் சோலார் ரிட்டர்ன் என்பது இதுதான். நாம் சூரியத் திரும்பல் என்று வைத்துக்கொள்வோம்.

இந்த நிமிஷம் பிறந்தநாளன்றே வரவேண்டும் என்பதில்லை. பருவங்களைக் கொண்டு அளக்கும் ஆண்டு 365 நாள், 5 மணி, 48 நிமிஷம், 45 விநாடி. அதனால் ஒவ்வோர் ஆண்டும் திரும்பல் ஏறக்குறைய ஆறு மணி நேரம் பிந்தி வரும். லீப் ஆண்டின் பிப்ரவரி 29 அதை ஒரு நாள் முன்னுக்கு இழுத்துவிடும். சில ஆண்டுகளில் அது பிறந்தநாளுக்கு முந்தைய இரவிலோ மறுநாள் காலையிலோ நிகழும். அந்த ஆறு மணி நேரத்துக்குள் பூமி கால் சுற்றுச் சுற்றிவிடுகிறது. ஆகவே சூரியன் அதே இடத்தில் நின்றாலும், கிழக்கே உதிக்கும் லக்னம் ஆண்டுதோறும் இரண்டு மூன்று ராசி தாண்டிப் போய்விடும். வருஷத்துக்கு வருஷம் ஜாதகம் வேறாகத் தெரிவதற்கு முதற்காரணம் இதுதான்.

இது நமக்கு முழுக்க அந்நியமான சரக்கு இல்லை. வட இந்தியாவில் 'வர்ஷபல்' என்று வழங்கும் தாஜிக முறையும் இதே எண்ணத்தில் எழுந்தது. தாஜிகம் என்ற பெயரே அது பாரசீக, அரபு வழியாக வந்ததைச் சொல்கிறது. 1587இல் நீலகண்டர் எழுதிய தாஜிக நீலகண்டி அதன் முக்கிய நூல். அதில் வரும் 'இத்தசாலம்' என்ற யோகம், சமஸ்கிருத வேடம் போட்ட அரபுச் சொல். தமிழ்நாட்டு ஜோதிடர்கள் தசாபுக்தியும் கோசாரமும் பார்த்தே வருஷப் பலனை முடித்துவிடுவதால், தாஜிகம் இங்கே அவ்வளவாக வேரூன்றவில்லை.

மேற்கத்தியர் கையில் இதற்கு ஒரு துணைக்கருவி உண்டு. அதன் பெயர் செகண்டரி ப்ரோக்ரஷன். விதி ஒரே வரிதான்: பிறந்த பிறகு கழியும் ஒவ்வொரு நாளும் வாழ்வின் ஓராண்டுக்குச் சமம். உங்களுக்கு முப்பது வயது என்றால், நீங்கள் பிறந்து முப்பதாம் நாள் வானம் எப்படி இருந்ததோ அதுவே இந்த வருஷத்தின் 'நகர்த்திய ஜாதகம்'. இரண்டு மணி நேரம் ஒரு மாதம்; ஏறக்குறைய நான்கு நிமிஷம் ஒரு நாள். பூமி தன்னைத் தானே சுற்றும் நாளுக்கும் சூரியனைச் சுற்றும் ஆண்டுக்கும் போடப்பட்ட ஓர் உவமை இது. உவமைக்கு மேலான காரணம் எதையும் நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

இதை அச்சுக்கும் சாதாரண வாசகருக்கும் கொண்டுவந்தவர் லண்டன்காரரான ஆலன் லியோ. பிரம்மஞான சபைக்காரர். நகர்த்திய ஜாதகத்துக்கென்றே தனி நூல் எழுதினார். எதிர்காலம் சொன்னதாக 1917இல் வழக்குப் போட்டு அவருக்கு 5 பவுண்டு அபராதம் விதித்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் இறந்துபோனார். 'நடக்கப்போவதைச் சொல்லவில்லை, போக்கைத்தான் சொல்கிறேன்' என்பதே நீதிமன்றத்தில் அவருடைய வாதம். இன்றைய மேற்கத்திய ஜோதிடர்கள் எல்லோரும் அந்த வாக்கியத்துக்குள்தான் ஒதுங்கி நிற்கிறார்கள்.

இரண்டு கருவிகளும் எப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன என்பதைப் பார்க்க, எல்லோருக்கும் தெரிந்த ஒரு ஜாதகத்தை எடுத்துக்கொள்வோம். பிறந்த நேரம் உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும், வாழ்க்கைச் சம்பவங்களின் தேதிகளும் சந்தேகமில்லாமல் இருக்க வேண்டும். இரண்டாம் எலிசபெத் அதற்குப் பொருத்தமானவர். 1926 ஏப்ரல் 21, அதிகாலை 2.40, லண்டன் மேஃபேர் பகுதியில் புரூட்டன் தெரு 17ஆம் எண் வீட்டில் பிறந்தார். நேரம் அப்போதே அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டது. 1952 பிப்ரவரி 6 அன்று தந்தை ஆறாம் ஜார்ஜ் சாண்ட்ரிங்ஹாம் மாளிகையில் தூக்கத்திலேயே இறந்தார்; கென்யாவில் மரத்தின் மேல் கட்டிய விடுதி ஒன்றில் இரவைக் கழித்திருந்த 25 வயது மகள் அரசியானார். இந்த ஒரு நாளைப் பிறந்தநாள் ஜாதகங்கள் காட்டுகின்றனவா என்பதுதான் கேள்வி.

கணக்குக்குள் போகுமுன் ஒரு பொறி. லண்டனில் 2.40 என்றால் உலகப் பொது நேரம் 1.40. அங்கே கோடைகால நேரம் மூன்று நாள் முன்புதான், ஏப்ரல் 18 அன்று, அமலாகியிருந்தது. இதைக் கவனிக்காதவர் ஒரு மணி நேரம் பிசகிய ஜாதகத்தைப் போட்டு, அதற்கும் அழகாகப் பலன் சொல்லிவிடுவார். நமக்கும் இந்தப் பொறி உண்டு. 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை, போர்க்காலத்தில், இந்தியக் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே தள்ளி ஓடியது. இலங்கையில் 1996இல் நேரத்தை மாற்றி, 2006இல்தான் பழையபடி வைத்தார்கள். அந்த ஆண்டுகளில் பிறந்தவர்கள் தங்கள் ஜாதகத்தில் என்ன நேரம் எடுத்திருக்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். கீழே வரும் ராசிகள் மேற்கத்தியரின் சாயன ராசிகள். நம் பஞ்சாங்கத்தின் நிராயன ராசிகள் அல்ல. அயனாம்சம் அன்று 23 பாகையை ஒட்டி இருந்தது. அவர்கள் கணக்கில் ரிஷபம் தொடங்கி 12 கலையில் நின்ற சூரியன், நம் கணக்கில் மேஷத்தில் ஏழு பாகை கடந்த சித்திரைச் சூரியன்தான்.

இனி பிறந்த ஜாதகம். லக்னம் மகரம் 21 பாகை. உச்சிப் புள்ளி, அதாவது பத்தாம் வீட்டின் முனை, விருச்சிகம் 25½ பாகை. அந்த முனைக்கு ஒரு பாகை தள்ளி, விருச்சிகம் 24½இல் வக்ர சனி. கும்பத்தில் 21 பாகையில் செவ்வாய், 22½இல் குரு. நேர் எதிரே சிம்மம் 22இல் நெப்டியூன். இப்போது இந்த நான்கையும் வட்டத்தில் குறித்துப் பாருங்கள். கும்பத்தில் இரண்டு, சிம்மத்தில் ஒன்று, விருச்சிகத்தில் ஒன்று, எல்லாம் 20 பாகைக்கு மேல். நான்கு கால் வைக்க வேண்டிய கட்டிலில் மூன்று கால் நிற்கிறது. நான்காவது கால் நிற்க வேண்டிய இடமான ரிஷபத்தின் 20 முதல் 25 பாகை வெறுமையாக இருக்கிறது. மேற்கத்திய ஜோதிடர்கள் இப்படிப்பட்ட காலி இடத்தைத்தான் முதலில் தேடுவார்கள். ஏதாவது ஒரு கிரகம் நகர்ந்து அங்கே வரும்போது கட்டில் முழுதாகிவிடும், அப்போது ஜாதகத்தின் பெரிய சிக்கல் வாழ்க்கையில் வெளிப்படும் என்பது அவர்கள் நம்பிக்கை.

நகர்த்திய கணக்கு இதோ. 1952 பிப்ரவரி 6 அன்று அவருக்கு 25 வயதும் 291 நாளும். 25 வயதுக்கு 25 நாள் என்றால் 1926 மே 16, அதிகாலை. மீதி 291 நாளுக்கு நாளொன்றுக்கு நான்கு நிமிஷத்துக்குச் சற்றுக் குறைவாக வைத்தால் சுமார் 19 மணி நேரம். ஆகவே, மே 16 இரவு பத்து மணிக்குச் சற்று முன்னே இருந்த வானம்தான் அவர் அரசியான நாளின் நகர்த்திய வானம். அன்றைய சூரியன் ரிஷபம் 25 பாகை கடந்து நிற்கிறது. காலியாக இருந்த நான்காவது காலின் இடம். அதற்கு நேர் எதிரே விருச்சிகத்தில் சனியும் உச்சிப் புள்ளியும். கும்பக் குருவும் செவ்வாயும் ஒரு பக்கம், நெப்டியூன் மறுபக்கம்.

கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். நகர்த்திய சூரியன் ஆண்டுக்கு ஒரு பாகைக்கும் சற்றுக் குறைவாகவே நகரும். அது சனிக்கு மிகச் சரியாக எதிரே வந்தது 25 வயது நிறைந்த சமயத்தில், 1951 வசந்தத்தில். உச்சிப் புள்ளிக்கு மிகச் சரியாக எதிரே வருவது 1952 ஜூன் வாக்கில். 1951 செப்டம்பரில் மன்னரின் இடது நுரையீரலை அறுவை செய்து எடுத்தார்கள்; அடுத்த பிப்ரவரியில் மரணம். இரண்டும் அந்த இரண்டு தொடுகைகளுக்கு நடுவே விழுகின்றன. சனியை முதியவருக்கும் பொறுப்புக்கும், சூரியனைத் தந்தைக்கும் அரசுக்கும், உச்சிப் புள்ளியைப் பதவிக்கும் அடையாளமாக வைக்கிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பக்கம் கிடைக்காது. பாடப் புத்தகத்துக்கென்றே வரைந்த படம் போல இருக்கிறது என்று நானும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இந்தக் கருவி ஓராண்டுக்கு மேலான ஜன்னலைத்தான் காட்டியது. மாதத்தைச் சொல்ல அவர்கள் நகர்த்திய சந்திரனிடம் போவார்கள். சந்திரன் நாளுக்கு 12 முதல் 15 பாகை ஓடும். எனவே நகர்த்திய கணக்கில் ஒரு மாதத்துக்கு ஒரு பாகைக்குச் சற்று மேல். கடிகாரத்தில் சூரியன் சிறிய முள் என்றால் சந்திரன் பெரிய முள். அரசியான நாளில் அந்த முள் கடகம் 23½ பாகையில் இருந்தது. லக்னத்துக்கு நேர் எதிரான இடத்தை இரண்டு மாதம் முன்பே கடந்துவிட்டது. அடுத்து அது தொடப்போவது விருச்சிகச் சனியை. அதுவும் இன்னும் மூன்று நாலு வாரம் கழித்து, திரிகோண நிலையில்.

இங்கேதான் கதை இடறுகிறது. திரிகோணம் மேற்கத்திய முறையில் இணக்கமான பார்வை. தந்தை இறந்த மாதத்துக்குச் சனி திரிகோணம் என்றால் எப்படிச் சொல்வது? புத்திசாலியான ஜோதிடர் தடுமாற மாட்டார். 'மரணத்தைப் பார்க்காதீர்கள், பதவி நிலைபெற்றதைப் பாருங்கள். பொறுப்பைத் தாங்கும் பலம் கிடைத்தது' என்பார். சொல்லட்டும், தவறில்லை. ஆனால் 1952 ஜனவரியில் இதே ஜாதகத்தைப் பார்த்திருந்தால், பெரியவர்களின் ஆதரவோடு அமைதியான மாதம் என்று எழுதியிருப்பார். கருவியின் பலத்தை அளக்க ஒரே ஒரு கேள்வி போதும்: நடப்பதற்கு முன்பு இந்தப் பார்வையை எப்படி வாசித்திருப்பீர்கள்?

இனி சூரியத் திரும்பல். 1926க்கும் 1951க்கும் இடையே 25 ஆண்டுகள். கூடுதல் மணிகளைக் கூட்டி, நடுவில் வந்த ஆறு லீப் நாட்களைக் கழித்தால், திரும்பல் 1951 ஏப்ரல் 21 அன்று உலகப் பொது நேரம் 3 மணியை ஒட்டி வருகிறது. பிறந்த நேரத்தைவிட ஒரு மணி இருபது நிமிஷம் பிந்தி. கையால் போட்ட கணக்கில் சில நிமிஷம் முன்பின் இருக்கும், மென்பொருள் விநாடி வரை தரும். இந்த நிமிஷத்துக்கு லண்டனை வைத்து லக்னம் கணித்தால் கும்பம் 22 பாகை அருகே வருகிறது. பிறந்த ஜாதகத்தின் குருவும் செவ்வாயும் நிற்கும் அதே இடம். எதிர் முனையில் நெப்டியூன். அந்த நான்கு கால் கட்டிலின் இரண்டு கால்கள் அந்த ஆண்டின் தொடுவானத்தின் மேலேயே விழுந்துவிட்டன.

மேற்கத்திய ஜோதிடர்கள் 'ஒன்றுக்கொன்று சாட்சி' என்று தேடுவது இதைத்தான். இரண்டு கருவிகளுக்கும் வேலை வேறு. நகர்த்திய ஜாதகம் மெதுவாக நகரும். பிறந்த ஜாதகத்தின் எந்தப் பகுதி இந்த ஒன்றிரண்டு ஆண்டுகளில் விழித்துக்கொள்ளும் என்பதை அது சொல்லும், எந்த ஆண்டு என்று உறுதியாகச் சொல்லாது. சூரியத் திரும்பல் ஆண்டுதோறும் புதிது. தனியாகப் பார்த்தால் ஒவ்வோர் ஆண்டும் ஏதோ பெரிதாக நடக்கப்போவது போலத்தான் இருக்கும். முதலாவது விழிக்கவைத்த பகுதியை இரண்டாவதின் லக்னமோ உச்சிப் புள்ளியோ தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். தொட்டால் அதுவே அந்த ஆண்டு என்பார்கள். தொடாத ஆண்டில் திரும்பல் ஜாதகம் எவ்வளவு பயமுறுத்தினாலும் நல்ல ஜோதிடர் அதைப் பெரிதுபடுத்த மாட்டார். என் பார்வையில் இந்தத் துறையில் கற்றுக்கொள்ளத்தக்க ஒழுங்கு இதுதான். திரும்பல் ஜாதகத்தை மட்டும் வைத்து வருஷப் பலன் எழுதுகிறவர்கள் ஜாதகரைப் பார்க்காமல் அந்த நேரத்து வானத்தைப் பார்த்து எழுதுகிறார்கள்.

திரும்பல் ஜாதகத்தின் மற்ற பகுதிகள் இவ்வளவு பேசவில்லை. உச்சிப் புள்ளி தனுசு ராசியின் நடுவில், அதன் அருகே ஒரு கிரகமும் கிடையாது. ஒரு சாம்ராஜ்யம் கைக்கு வரும் ஆண்டில் பத்தாம் முனை வெறிச்சோடிக் கிடக்கிறது. சூரியன் தொடுவானத்துக்குக் கீழே, தனமும் சொத்தும் குறிக்கும் இரண்டாம் வீட்டில். சனி கன்னியில் வக்ரமாக இருக்கிறது. கும்ப லக்னத்திலிருந்து நம் வழக்கப்படி ராசிகளை எண்ணினால் எட்டு. 'எட்டில் சனி, மரணம்' என்று நம் ஊர் வாசகர் உடனே நிமிர்ந்து உட்காருவார். ஆனால் மேற்கத்தியரில் பலர் பின்பற்றும் வீட்டுப் பிரிவில் அதே சனி ஏழாம் வீட்டில் விழுகிறது. ஏழு என்றால் கணவர். எட்டா, ஏழா? நடந்தது தெரிந்த பிறகு எட்டைத் தேர்ந்தெடுப்பது சுலபம்.

திரும்பல் ஜாதகத்தில் இதைவிட ஆழமான சண்டை இடத்தைப் பற்றியது. பிறந்த ஊருக்குப் போடுவதா, வசிக்கும் ஊருக்கா, அந்த நிமிஷம் நிற்கும் ஊருக்கா? 1951 ஏப்ரலில் எலிசபெத் இத்தாலிப் பயணத்தில் இருந்தார். ரோமில் போப் 12ஆம் பயஸைச் சந்தித்தார். பிறந்தநாளின் அந்த அதிகாலையை ரோமில் கழித்ததாக வைத்து அதே நிமிஷத்துக்குக் கணித்தால் லக்னம் மீனம் 22 பாகைக்குப் போய்விடுகிறது. முழுதாக ஒரு ராசி. குருவும் செவ்வாயும் லக்னத்தை விட்டு விலகிவிட்டன, நாம் வியந்த சாட்சியும் அவற்றோடு போயிற்று. நிற்கும் ஊருக்குத்தான் போட வேண்டும் என்று சொல்லும் பள்ளி இன்று பெரிது. அவர்களிலும் இத்தாலியரான சீரோ டிஷெப்போலோ ஒரு படி மேலே போனார். ஜாதகம் கெட்டதாகத் தெரிந்தால் அந்த நிமிஷத்துக்கு நல்ல லக்னம் வரும் ஊருக்கு விமானம் ஏறிப் போய்விடச் சொன்னார். அவரைப் பின்பற்றிப் பிறந்தநாளுக்கு நாடு விட்டு நாடு பறப்பவர்கள் இருக்கிறார்கள். பரிகாரத் தலம் என்பது நம் ஊரில் மட்டும் உள்ள வியாபாரம் இல்லை.

பஞ்சாங்கம் பார்க்கும் நமக்கு இன்னொரு சண்டையும் உண்டு. நகர்த்திய ஜாதகத்தில் சாயனமா நிராயனமா என்பது பெரிய பொருட்டில்லை. எல்லாக் கிரகங்களையும் ஒரே அளவு பின்னே தள்ளினால் அவற்றுக்கு இடையே உள்ள தூரம் மாறாது. சூரியன் சனிக்கு எதிரே நின்றது நின்றதுதான். சூரியத் திரும்பலில் அப்படியில்லை, அந்த நிமிஷமே மாறிவிடும். நட்சத்திரங்களை வைத்து அளக்கும் நிராயன ஆண்டு, பருவ ஆண்டைவிட இருபது நிமிஷம் நீளம். 25 வயதில் அது எட்டரை மணி நேரமாகச் சேர்ந்துவிடும். எனவே தாஜிக முறையில் எலிசபெத்தின் 1951 வருஷ ஜாதகம் லண்டனில் காலை பதினொன்றரைக்குப் (உலகப் பொது நேரம்) போடப்பட வேண்டும், அதன் லக்னம் கடகம். மேற்கத்தியரின் கும்ப லக்னத்தை நம் ராசிக்கு மாற்றினாலும் மகரத்தின் கடைசியில்தான் வரும். கடகமும் மகரமும் வட்டத்தின் நேர் எதிர் முனைகள். இரண்டு மரபுகளும் ஒரே சூரியன் ஒரே இடத்துக்குத் திரும்புவதைத்தான் கணக்கிடுகின்றன. இரண்டுமே ஒரே சமயத்தில் சரியாக இருக்க முடியாது. வயது ஏற ஏற இந்த இடைவெளி இன்னும் பெரிதாகும்.

பிறந்த நேரம் எவ்வளவு சுத்தமாக வேண்டும் என்பதையும் இந்த ஜாதகமே காட்டுகிறது. நேரத்தில் நான்கு நிமிஷம் பிசகினால் உச்சிப் புள்ளி ஏறக்குறைய ஒரு பாகை நகரும். நகர்த்திய சூரியனுக்கு ஒரு பாகை என்றால் ஓராண்டு. 2.40 என்பது முழு எண்ணாக்கிச் சொன்ன நேரமாக இருந்து, உண்மையில் 2.36 என்றால், 1952 ஜூனில் நடக்க வேண்டிய தொடுகை 1951 ஜூனுக்குப் போய்விடும். அரண்மனைக் குழந்தைக்கே இப்படி. நம்மில் பலருடைய பிறந்த நேரம் 'விடியற்காலை நாலரை இருக்கும்' என்று பாட்டி சொன்னது. அந்த நேரத்தை வைத்துக் கிரகங்களுக்கு இடையேயான நகர்த்திய தொடுகைகளைப் பார்க்கலாம். அவை நிமிஷங்களுக்கு அசையாது. லக்னம், உச்சிப் புள்ளி, திரும்பல் ஜாதகம் ஆகிய மூன்றையும் தொடாமல் இருப்பதே நேர்மை.

எல்லாம் சரியாக இருந்தாலும் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. எலிசபெத்தின் விதியை மாற்றிய நாள் 1952 பிப்ரவரி 6 மட்டுமல்ல. 1936 டிசம்பர் 11 அன்று பெரியப்பா எட்டாம் எட்வர்டின் முடிதுறப்பு நடைமுறைக்கு வந்தது. தந்தை மன்னரானார், பத்து வயதுக் குழந்தை வாரிசானாள். அது நடக்காமல் இருந்திருந்தால் 1952ஆம் இல்லை. அன்றைக்கு நகர்த்திய சூரியன் எங்கே? ரிஷபம் 10½ பாகை. நெருக்கமாக எதையும் தொடவில்லை. கொஞ்சம் எட்டிப் பார்த்தால் சிம்மம் 12 பாகையில் உள்ள பிறந்த சந்திரனுக்குக் கேந்திரம் வருகிறது. ஆனால் அது சரியாக அமைவது ஒன்றரை ஆண்டு கழித்து, 1938இல். ஜோதிடர் ஒரு பாகை அனுமதியை ஒன்றரையாக்கிக்கொண்டால் பலித்ததாகக் கணக்கு வைத்துவிடலாம். 1952க்கு ஒரு பாகை, 1936க்கு ஒன்றரைப் பாகை என்று அளவுகோலை நீட்டத் தொடங்கினால், பிறகு எந்த ஆண்டும் வெறும் ஆண்டாக இருக்காது. ஒரு ஜாதகத்தில் பத்துக் கிரகங்கள், லக்னம், உச்சிப் புள்ளி, ஐந்து வகைப் பார்வை. எதையாவது எதுவாவது தொட்டுக்கொண்டேதான் இருக்கும்.

இன்னொரு விஷயம் என்னை விடாமல் நச்சரிக்கிறது. எலிசபெத்தின் தங்கை மார்கரெட் 1930 ஆகஸ்டில் பிறந்தபோது லண்டனின் சண்டே எக்ஸ்பிரஸ் பத்திரிகை நேலர் என்ற ஜோதிடரிடம் குழந்தையின் ஜாதகத்தை எழுதி வாங்கிப் போட்டது. வாசகர் வரவேற்பில் அது பத்தியாக வளர்ந்தது. இன்று நாம் வார இதழ்களில் பார்க்கும் ராசிபலன் பகுதிகளுக்கு அந்தக் கட்டுரை ஒரு மூதாதை. அரச குழந்தை என்றால் ஜாதகம் பேசும். ஆனால் 1926 ஏப்ரல் 21 அதிகாலை லண்டனில் எலிசபெத் மட்டும் பிறந்திருக்க மாட்டார். அதே நிமிஷங்களில் வேறு தெருக்களில் பிறந்த குழந்தைகளுக்கும் அதே மூன்று கால் கட்டில், அதே நகர்த்திய சூரியன். அவர்கள் யாரும் 1952இல் அரியணை ஏறவில்லை. ஜோதிடர்களின் பதில்: 'அவரவர் தகுதிக்கேற்ற பொறுப்பு வந்திருக்கும்.' அந்தப் பதிலைச் சரிபார்க்க யாருக்கும் வழியில்லை.

இதையெல்லாம் படித்த பிறகும் உங்கள் வருஷ ஜாதகத்தைப் பார்க்க ஆசை இருக்கலாம். தப்பில்லை, எனக்கும் இருந்தது. astro.com போன்ற தளங்களில் இரண்டு ஜாதகங்களையும் காசில்லாமல் போட்டுக்கொள்ளலாம். ஆனால் வரப்போகும் வருஷத்துக்குப் போடாதீர்கள், போன ஐந்து வருஷங்களுக்குப் போடுங்கள். எந்த அளவு அனுமதி, எந்த ஊர், எந்த வீட்டுப் பிரிவு என்பதைப் பலன் பார்க்குமுன் ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள். பிறகு அந்த ஐந்து ஜாதகங்களையும் ஆண்டு குறிக்காமல் கலைத்து, உங்களைத் தெரியாத ஒரு ஜோதிடரிடம் கொடுங்கள். வேலை மாறிய வருஷம் எது, வீட்டில் சாவு விழுந்த வருஷம் எது என்று அவரே எழுதித் தரட்டும். முன்கூட்டி எதையும் சொல்லாதீர்கள், முகத்திலும் காட்டாதீர்கள். பதில் வந்த பிறகு, அடுத்த வருஷத்துக்குக் காசு கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.